கார்னோ பாடம் ஒன்று, குறிப்பேடுகள் மூன்று: காணொலி விரிவுரையை நேரக்குறியுடன் எழுதும் வழிகள்

கடந்த ஆண்டு நானும் என் தங்கையும் அவளுடைய வகுப்புத் தோழியும் கேட் தேர்வுக்காக ஒரே காணொலித் தொடரைப் பார்த்துப் படித்தோம். வெப்ப இயக்கவியல் பாடம். ஒவ்வொரு விரிவுரையும் முக்கால் மணி நேரம். பேராசிரியர் பெரும்பாலும் கரும்பலகையில் எழுதியபடியே பேசுவார். மூவரும் குறிப்பு எடுத்தோம், ஆனால் மூன்று விதமாக. நான் நோட்டில் கையால் எழுதினேன். தங்கை காணொலியின் பேச்சை முழுவதும் எழுத்தாக எடுத்து வைத்துக்கொண்டு அதை வெட்டிச் சுருக்கினாள். தோழி அந்த எழுத்துப்படியைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டு, பகுதி வாரியான குறிப்பும் வினாக்களும் தயாரித்துக்கொண்டாள்.

எது சிறந்தது என்று பல நாள் வாதாடினோம். பிறகு, வெப்பத்தை வேலையாக மாற்றும் இலட்சிய இயந்திரமான கார்னோ இயந்திரம் பற்றிய 46 நிமிட விரிவுரை ஒன்றை எடுத்துக்கொண்டு மூவரும் அவரவர் வழியில் குறிப்பு தயாரித்தோம். ஒரு வாரம் அதைத் தொடவில்லை. பிறகு மேசையில் உட்கார்ந்து ஒருவர் வினாக்களை மற்றவர் எழுதிப் பார்த்தோம். மூன்று பேரை வைத்து நடத்திய சோதனை எதையும் நிரூபித்துவிடாது. ஆனால் ஒவ்வொரு வழியும் எந்த இடத்தில் ஓட்டை விடுகிறது என்பது அன்றைக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், பகுதி என்பது எது

மூன்று வழிகளுக்கும் பொதுவான ஒரு வேலை உண்டு. விரிவுரையைப் பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு கோடு போடுவதுதான் எல்லோரும் முதலில் செய்யும் தவறு. ஆசிரியர் பத்து நிமிடக் கணக்கில் பேசுவதில்லை. அவர் ஒரு கேள்வியை எழுப்பி, அதற்கு விடை கண்டு, அடுத்த கேள்விக்குப் போகிறார். அந்தக் கேள்வி தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரைதான் ஒரு பகுதி. கரும்பலகையில் பாடம் எடுப்பவரென்றால் அடையாளம் இன்னும் எளிது. அவர் பலகையை அழிக்கும் இடம் பெரும்பாலும் பகுதியின் எல்லையாக இருக்கும்.

எங்கள் விரிவுரை இப்படி நான்காகப் பிரிந்தது. தொடக்கத்திலிருந்து 07:40 வரை, வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதிக்குப் பிறகு ஓர் இலட்சிய இயந்திரம் ஏன் தேவைப்படுகிறது என்ற கேள்வி. அங்கிருந்து 21:15 வரை சுழற்சியின் நான்கு நிகழ்வுகள். 33:50 வரை பயனுறுதிறனுக்கான சமன்பாட்டை வருவித்தல். மீதி நேரம் கணக்குகள். பகுதிகள் ஒரே நீளத்தில் இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை.

பகுதி முடிந்தவுடன் வினா வைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2013இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 21 நிமிடப் புள்ளியியல் விரிவுரைக் காணொலி ஒன்றை நான்காகப் பிரித்து மாணவர்களுக்குக் காட்டினார்கள். ஒவ்வொரு பகுதிக்குப் பின்னும் சிறு தேர்வு எழுதியவர்களுக்கு மனம் அலைபாய்ந்தது மற்றவர்களுக்கு அலைபாய்ந்ததில் ஏறக்குறைய பாதி அளவுதான். காணொலியின் இறுதியில் இருபது வினாக்களைக் குவித்து வைத்தால் இந்தப் பயன் கிடைக்காது. ‘இது முடிந்ததும் கேட்பார்கள்’ என்ற எதிர்பார்ப்புதான் காதைத் திறந்து வைக்கிறது.

கையால் எழுதுவது

என் நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் இடப்புறம் இரண்டு அங்குலம் விட்டுக் கோடு போட்டிருப்பேன். கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் பரப்பிய குறிப்பு முறையின் அமைப்பு இது. அவர் அந்த இடப்பக்கத்தைத் தூண்டுசொற்களுக்காகவும் கேள்விகளுக்காகவும் வைத்தார். நான் அங்கே நேரக்குறியையும் அதன் கீழே கேள்வியையும் எழுதுகிறேன். வலப்பக்கம் குறிப்பு. வலப்பக்கத்தைக் கையால் மறைத்தால், இடப்பக்கமே கேள்வித்தாளாகிவிடும்.

இந்த வழியில் எல்லோரும் விழும் பள்ளம் ஒன்று உண்டு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் காணொலியை நிறுத்தி நிறுத்தி எழுதுவது. தொடக்கத்தில் நானும் அப்படித்தான் செய்தேன். முக்கால் மணி நேர விரிவுரைக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. எழுதி முடித்தபோது கை வலித்ததே தவிர, சொல்வதெழுதுதல் எழுதிய பிள்ளையைப் போல மனத்தில் எதுவும் தங்கியிருக்கவில்லை. பிறகு மாற்றிக்கொண்டேன். பகுதி முடியும் வரை நிறுத்துவதில்லை. முக்கியமாகத் தோன்றும் இடத்தில் நேரத்தை மட்டும் இடப்பக்கம் குறிப்பேன், கூடவே ஒரே ஒரு சொல். பகுதி முடிந்ததும் K விசையை அழுத்திக் காணொலியை நிறுத்திவிட்டு, நினைவிலிருந்து எழுதுவேன். ஐயம் வரும் இடத்தில் மட்டும் J விசையால் பத்துப் பத்து விநாடியாகப் பின்னால் போய்ச் சரிபார்ப்பேன். இப்படிச் செய்தபோது கார்னோ விரிவுரைக்கு ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது.

இதன் பெரிய பலம் கரும்பலகை. ஆசிரியர் வரைந்த அழுத்தம்–பருமன் வரைபடம் என் நோட்டில் என் கையால் வரைந்ததாக இருந்தது. எந்த வளைகோடு செங்குத்தாக இறங்குகிறது, எது சாய்வாக இறங்குகிறது என்று வரையும்போதே ஒரு கணம் யோசிக்க வேண்டியிருந்தது. வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வின் கோடு வெப்பநிலை மாறா நிகழ்வின் கோட்டைவிடச் செங்குத்தாக இருக்கும் என்பதை நான் மனப்பாடம் செய்யவில்லை. வரைந்ததால் தங்கியது.

பலவீனத்தையும் சொல்ல வேண்டும். 38ஆம் நிமிடத்தை ஒட்டி ஆசிரியர் ஒரு கிளைக்கணக்கைச் சொல்லியிருக்கிறார்: இயந்திரத்தைத் தலைகீழாக ஓட்டினால் குளிர்சாதனப் பெட்டி ஆகும் என்பதற்கான கணக்கு. அது என் நோட்டில் இல்லவே இல்லை. முந்தைய கணக்கின் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்த அரை நிமிடத்தில் அது தொடங்கிவிட்டது. அப்படி ஒன்று விடுபட்டிருக்கிறது என்பதை என் நோட்டைப் பார்த்து நான் கண்டுபிடித்திருக்கவே முடியாது. தங்கையின் தாளைப் பார்த்துத்தான் தெரிந்தது. கைக்குறிப்பின் குறை இதுதான்: எழுதாமல் விட்டது எது என்பதற்கு அதில் தடயமே இருக்காது.

எழுத்துப்படியை எடுத்து வெட்டுவது

யூடியூப் காணொலி என்றால் விவரப் பகுதியை விரித்து Show transcript என்பதைத் தட்டினால் போதும். நேரத்துடன் முழுப் பேச்சும் வந்துவிடும். கல்லூரியில் பதிவு செய்து கொடுத்த கோப்பு என்றால் அதற்கு வசன வரிகள் இருக்காது. தங்கை அப்போது 2022இல் வெளியான விஸ்பர் என்னும் இலவசப் பேச்சறி நிரலைத் தன் மடிக்கணினியிலேயே ஓட்டினாள்.

```
whisper lecture.mp4 --model small --language en --output_format srt --initial_prompt "Carnot cycle, isothermal, adiabatic, reservoir"
```

கடைசியில் இருக்கும் சொற்பட்டியல் முக்கியமானது. பாடத்தில் வரப்போகும் கலைச்சொற்களை முன்கூட்டியே கொடுத்துவைத்தால், நிரல் அவற்றைச் சரியாக அறியும் வாய்ப்பு கூடும். பட்டியல் இல்லாமல் ஓட்டிய முதல் படியில், வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வைக் குறிக்கும் ‘அடியாபேட்டிக்’ என்ற சொல் பல இடங்களில் ‘எ டயபெட்டிக்’ என்று வந்திருந்தது. வெப்ப இயக்கவியல் பாடத்தில் நீரிழிவு நோயாளி எங்கிருந்து வந்தார் என்று அவள் குழம்பிப்போனாள். சொற்பட்டியல் அந்தக் குழப்பத்தின் பெரும்பகுதியைத் தீர்த்தது, முழுவதையும் அல்ல.

இன்னொரு கோளாறு கொஞ்சம் ஆபத்தானது. ஆசிரியர் பேசாமல் பலகையில் எழுதும் இடங்களில் நிரல் சில நேரம் சும்மா இருக்காது. முன்பு சொன்ன வாக்கியத்தையே திரும்பத் திரும்ப எழுதும், அல்லது யாரும் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக எழுதும். கண்டுபிடிப்பது எளிது. ஒரே வரி, ஒரே கால இடைவெளியில் நான்கைந்து முறை வந்தால் அது அமைதியான இடம். ஆசிரியர் அங்கே எழுதிக்கொண்டிருக்கிறார். ஆகவே அந்த இடத்துக் காணொலியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தங்கை இதையே நல்ல வழிகாட்டியாக ஆக்கிக்கொண்டாள். பேச்சு நின்ற இடமெல்லாம் பலகையில் ஏதோ முக்கியமானது எழுதப்பட்ட இடம் என்று வட்டமிட்டு வைப்பாள். அது பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

46 நிமிடப் பேச்சு ஏறக்குறைய ஆறாயிரம் சொற்கள். அச்சிட்டால் பன்னிரண்டு, பதின்மூன்று பக்கம். அதைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் ஐந்தாறு வரியாகச் சுருக்க அவளுக்கு ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. நேரக்குறிகள் துல்லியமாக இருந்தன. பேசியதில் எதுவும் எழுத்துப்படியில் விடுபடவில்லை. எதைக் கேட்டாலும் பத்து விநாடியில் இடத்தைக் காட்டிவிடுவாள்.

ஆனால் கரும்பலகை அவளிடம் இல்லை. ஆசிரியர் ‘இந்தப் பரப்புதான் வேலை’ என்கிறார். எந்தப் பரப்பு? ‘இதை இதனால் வகுத்தால் இரண்டும் அடிபட்டுப் போகும்’ என்கிறார். எதை, எதனால்? எழுத்துப்படியில் ‘இது’ மட்டும்தான் இருக்கிறது. கணிதமும் இயற்பியலும் பலகையில் நடப்பவை. பேச்சு பலகையைச் சுட்டிக்காட்டும் விரல். விரலை மட்டும் எடுத்துக்கொண்டால் அது சுட்டிய பொருள் கைக்கு வராது. தங்கை காணொலியை ஓட்டாமலேயே எழுத்துப்படியை வைத்துச் சுருக்கியதால், ஒரு வாரம் கழித்துச் சமன்பாட்டை வருவிக்கச் சொன்னபோது நடுவில் நின்றுவிட்டாள்.

வரலாறு, சட்டம், பொருளாதாரம் போலப் பேச்சிலேயே முழுச் செய்தியும் இருக்கும் பாடங்களுக்கு இந்தக் குறை அவ்வளவாக இல்லை. அவற்றுக்கு எழுத்துப்படி வழியையே நான் முதலில் பரிந்துரைப்பேன். ஆசிரியர் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசும் விரிவுரைக்கு மட்டும் இது சரிவராது. மொழி இடையிடையே மாறும் பேச்சில் நிரல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் சிதைத்து எழுதுகிறது, அல்லது தமிழ் வாக்கியத்தை ஆங்கிலமாக மாற்றிவிடுகிறது. திருத்தும் நேரத்தில் கையாலேயே எழுதிவிடலாம்.

செயலியைக் கொண்டு தயாரிப்பது

தோழியின் வழி வேகமானது. எழுத்துப்படியைச் செயலியில் போட்டதும் ஒரு நிமிடத்தில் பகுதிகளும் முக்கியக் கருத்துகளும், ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று வினாக்களும் வந்துவிட்டன. பார்க்க மிக அழகாக இருந்தன. என் கையெழுத்து நோட்டை அதன் பக்கத்தில் வைக்கவே கூச்சமாக இருந்தது.

முதல் முயற்சியில் அவள் எழுத்துப்படியிலிருந்த நேரங்களை நீக்கிவிட்டு, பேச்சை மட்டும் கொடுத்திருந்தாள். இடம் மிச்சமாகும் என்று நினைத்தாள். வந்த குறிப்பில் நேரக்குறிகள் இருந்தன! 00:00, 05:00, 10:30, 15:00 என்று அடுக்காக. எதைத் தட்டினாலும் சம்பந்தமில்லாத இடத்துக்குப் போனது. மூலத்தில் இல்லாத நேரத்தைச் செயலி தானாக நிரப்பியிருந்தது. இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. நேரக்குறிகள் எல்லாம் 00இலும் 30இலும் முடிந்தால் சந்தேகப்படுங்கள். உண்மையான விரிவுரையில் ஒரு கேள்வி 21:15இல் தொடங்கும், இன்னொன்று 33:50இல் தொடங்கும். வாழ்க்கை அவ்வளவு வட்டமாக ஓடுவதில்லை.

இரண்டாம் முறை ஒவ்வொரு வரியின் நேரத்தோடும் கொடுத்தாள். இப்போது நேரங்கள் பெரும்பாலும் பொருந்தின. ஆனாலும் பகுதிக்கு ஒரு குறியைத் தட்டி, அந்தப் பேச்சு பதினைந்து விநாடிக்குள் கேட்கிறதா என்று பார்த்த பிறகே அவள் அதை நம்பினாள். நான்கு பகுதிக்கு நான்கு சோதனைகள். இரண்டு நிமிட வேலை. அதைத் தவிர்க்கவே கூடாது.

இதைவிட ஆழமான சிக்கல் வேறு இரண்டு. ஒன்று, ஆசிரியர் சொல்லாத செய்திகள் குறிப்புக்குள் வந்துவிட்டன. கார்னோ 1824இல் தன் நூலை வெளியிட்டார் என்பது உண்மைதான், ஆனால் எங்கள் ஆசிரியர் அதைச் சொல்லவே இல்லை. அந்த வரிக்கும் ஒரு நேரக்குறி ஒட்டப்பட்டிருந்தது. பொதுவாகத் தெரிந்த செய்தி என்பதால் இங்கே தீங்கில்லை. ஆசிரியர் பயன்படுத்தும் குறியீட்டு மரபுக்கு மாறான ஒன்று இதேபோல நுழைந்தால், தேர்வில் கூட்டலுக்குப் பதில் கழித்தல் போட்டுவிட்டு வருவோம்.

இரண்டாவது சிக்கல் வினாக்களில் இருந்தது. ‘கார்னோ சுழற்சியில் எத்தனை நிகழ்வுகள் உள்ளன?’ ‘வெப்ப மூலம் என்றால் என்ன?’ இவை சொன்ன சொல்லைத் திருப்பிக் கேட்கும் வினாக்கள். குறிப்பை ஒரு தடவை படித்த எவரும் பத்துக்கு ஒன்பது வாங்கலாம். தோழி வாங்கினாள். பாடம் புரிந்துவிட்டது என்ற உறுதியான நம்பிக்கையையும் சேர்த்து வாங்கினாள்.

ஒரு பகுதி, முழுமையாக

மூன்றாம் பகுதியை எடுத்துக்கொள்வோம். என் நோட்டில் அது இப்படி இருந்தது.

```
21:15  கேள்வி: பயனுறுதிறன் எதைச் சார்ந்தது?
22:40  Q_H = nR·T_H·ln(V2/V1)   (வெப்பநிலை மாறா விரிவு)
24:20  Q_C = nR·T_C·ln(V3/V4)
26:05  V2/V1 = V3/V4   ← முடிச்சு அவிழும் இடம்
30:30  η = 1 − T_C/T_H
31:10  "கெல்வினில்"
```

தங்கையின் குறிப்பில் 26:05க்கு எதிரே ‘விகிதங்கள் சமம்’ என்று மட்டும் இருந்தது. ஏன் சமம் என்பதை ஆசிரியர் பலகையில்தான் செய்கிறார். வெப்பப் பரிமாற்றமில்லா இரண்டு நிகழ்வுகளும் அதே இரு வெப்பநிலைகளுக்கு இடையே நடப்பதால் பருமன் விகிதங்கள் சமமாகின்றன. அதனால் மடக்கைகள் அடிபட்டு, வெப்பநிலை மட்டும் மிஞ்சுகிறது. முழு விரிவுரையின் உயிரும் இந்த நான்கு நிமிடத்தில் இருக்கிறது. தோழியின் குறிப்பில் இந்த இடமே இல்லை. 22:40இலிருந்து நேராக இறுதிச் சமன்பாட்டுக்குத் தாவியிருந்தது. பேச்சில் ‘இது’, ‘அது’ என்று மட்டும் வந்த நான்கு நிமிடத்திலிருந்து எடுப்பதற்குச் செயலிக்கு எதுவும் கிடைக்கவில்லை.

31:10ஐப் பாருங்கள். ஆசிரியர் திரும்பி நடந்தபடி, குரலைத் தாழ்த்தி, ‘கெல்வினில்’ என்று ஒரே ஒரு சொல் சொல்கிறார். எழுத்துப்படியில் அது ஆறாயிரம் சொற்களில் ஒன்று. சுருக்கும்போது அது எளிதில் விடுபட்டுவிடும். எங்கள் மூவரில் இரண்டு பேரின் சுருக்கங்களில் விடுபட்டேவிட்டது.

இந்தப் பகுதிக்கு நான் வைத்த வினாக்கள் மூன்று.

முதலாவது: நோட்டை மூடிவிட்டு, மடக்கை ஏன் மறைகிறது என்று இரண்டு வரியில் எழுதுக. இதற்கு விடை தெரியாமல் சமன்பாட்டை மட்டும் ஒப்பிக்க முடியாது.

இரண்டாவது: வெப்ப மூலம் 327 °C, வெப்ப ஏற்பி 27 °C. பயனுறுதிறன் எவ்வளவு? கெல்வினுக்கு மாற்றினால் 600, 300. விடை சரியாக 50 விழுக்காடு. மாற்றாமல் 27ஐ 327ஆல் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால் ஏறக்குறைய 92 விழுக்காடு வரும். தோழி 92 என்று எழுதினாள். இதற்காக அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அவளுடைய குறிப்பில் ‘கெல்வின்’ என்ற சொல் எங்குமே இல்லை. அவள் அன்று வருத்தப்பட்டதைப் பார்த்தபோது, வினா என்பது எதைத் தொட வேண்டும் என்று எனக்கு முன்பைவிடத் தெளிவாகப் புரிந்தது. தவறு எங்கே நடக்கும் என்று தெரிந்து, அந்தத் தவறுக்கும் ஒரு விடை வரும்படி எண்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றாவது: மூலத்தின் வெப்பநிலையை 50 கெல்வின் கூட்டுவதா, ஏற்பியின் வெப்பநிலையை 50 கெல்வின் குறைப்பதா, எது அதிகப் பலன் தரும்? கூட்டினால் 650க்கு 300, ஏறக்குறைய 54 விழுக்காடு. குறைத்தால் 600க்கு 250, ஏறக்குறைய 58. குறைப்பதே மேல். ஆசிரியர் இதை விரிவுரையில் சொல்லவில்லை. ஆனால் சொன்னதைப் புரிந்துகொண்டவர் கண்டுபிடித்துவிடலாம். தங்கை இதைச் சரியாகப் போட்டாள்; முதல் வினாவில் விழுந்தவள் இதில் எழுந்துவிட்டாள்.

ஒரு பகுதிக்கு இம்மூன்றுக்கு மேல் வேண்டியதில்லை: காரணம் கேட்கும் ஒன்று, கணக்காக ஒன்று, நிலைமையை மாற்றிக் கேட்கும் ஒன்று. ஐந்து, பத்து என்று ஏற்றினால் எழுதுவதும் நின்றுபோகும், விடையளிப்பதும் நின்றுபோகும்.

யாருக்கு எது

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பலகையில் வருவித்துக் காட்டும் பாடத்துக்குக் கையால் எழுதும் வழியே மேலானது, அரை மணி நேரம் கூடுதலாகப் பிடித்தாலும். பேச்சே பாடமாக இருக்கும் இடத்தில் எழுத்துப்படி வழி. செயலித் தொகுப்பு, ஏற்கெனவே ஒருமுறை படித்து முடித்த நாற்பது விரிவுரைகளில் எது எங்கே இருக்கிறது என்று தேட உதவும் அட்டவணையாகச் சிறப்பாக வேலை செய்கிறது. முதன்முறை கற்கும்போது அதையே குறிப்பாக வைத்துக்கொள்வதை நான் ஏற்கவில்லை. குறிப்பு எடுக்கும் வேலையில்தான் பாதிக் கற்றல் நடக்கிறது. அந்த வேலையை வெளியே கொடுத்துவிட்டால், வினாக்களுக்கு விடையளிப்பதுதான் எஞ்சும். அதற்கான வினாக்களும் எளிதாகவே வருகின்றன.

ஆனால் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றைக் கைவிட வேண்டியதில்லை. இப்போது மூவருமே கலந்து செய்கிறோம். எழுத்துப்படியை முதலில் எடுத்து வைத்துக்கொள்கிறோம், ஆனால் படிப்பதில்லை. காணொலியைப் பகுதி பகுதியாக நிறுத்தாமல் பார்த்து, நினைவிலிருந்து கையால் எழுதுகிறோம். அதன் பிறகே எழுத்துப்படியைத் திறந்து மூன்று காரியம் செய்கிறோம்: நேரக்குறிகளைத் திருத்துவது, விடுபட்டதைக் கண்டுபிடிப்பது, அமைதி விழுந்த இடங்களில் பலகையை மறுபடி பார்ப்பது. குளிர்சாதனப் பெட்டிக் கணக்கு இப்போது விடுபடுவதில்லை. முக்கால் மணி நேர விரிவுரைக்கு மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே ஆகிறது. வினாக்களை ஒவ்வொருவரும் தாமே எழுதி, மற்ற இருவருக்கும் கொடுக்கிறோம். தனியாகப் படிப்பவர் வினாக்களை எழுதி ஒரு வாரம் கழித்து விடையளித்தால், அவையும் வேறொருவர் எழுதியவை போலத்தான் இருக்கும்.

நேரக்குறியைக் கணினியில் வைத்துக்கொள்பவர்கள் அதை இணைப்பாகவே எழுதிவிடலாம். நிமிடத்தை 60ஆல் பெருக்கி விநாடியைக் கூட்டினால் போதும். 26:05 என்றால் 1565.

```
https://youtu.be/VIDEO_ID?t=1565
```

VIDEO_ID என்ற இடத்தில் அந்தக் காணொலியின் அடையாள எழுத்துகள் வரும். கருத்து தொடங்கும் இடத்துக்குப் பத்து விநாடி முன்பாகவே குறியை வைப்பது நல்லது. ஆசிரியர் வாக்கியத்தின் நடுவில் இருக்கும்போது போய் நின்றால், அவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று பிடிபடவே சிறிது நேரம் ஆகும்.

எப்போது திரும்பப் பார்ப்பது

குறிப்பை மீண்டும் மீண்டும் படிப்பதற்கும் வினாவுக்கு விடை எழுதிப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை 2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் சோதித்தார்கள். ஒரு பத்தியைப் படித்த ஐந்து நிமிடத்தில் கேட்டபோது, மறுபடி படித்தவர்களே சற்று அதிகம் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலை மாறியது. மறுபடி படித்தவர்களுக்கு 42 விழுக்காடு நினைவிருந்தது, தம்மைச் சோதித்துப் பார்த்தவர்களுக்கு 56. தோழிக்கு அன்றிரவே பாடம் புரிந்துவிட்டதாகத் தோன்றியதும், ஒரு வாரத்தில் அது நழுவியதும் இதோடு ஒத்துப்போகின்றன.

ஆகவே எங்கள் நோட்டில் ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. ஒன்று அன்றிரவுக்கு, இன்னொன்று ஏழாம் நாளுக்கு. சரியானால் ஒரு புள்ளி, தவறானால் அந்த வினாவுக்குரிய நேரக்குறியைச் சுற்றி ஒரு வட்டம். ஏழாம் நாள் வட்டமிட்ட இடத்தை மட்டும் காணொலியில் பார்க்கிறோம். கார்னோ விரிவுரையில் தங்கைக்கு விழுந்தது ஒரே ஒரு வட்டம், 26:05இல். 46 நிமிடத்தையும் மறுபடி ஓட்டாமல், 30:30 வரையிலான அந்த நான்கரை நிமிடத்தை மட்டும் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துவைத்துக்கொண்டு பார்த்தாள். ஆசிரியர் பலகையில் எழுதும்போது அவளும் எழுதினாள். அடுத்த வாரம் அந்த வினாவை எனக்கு அவள்தான் விளக்கினாள்.